சின்ன போட்டி யூனிட்டை வாங்கக் கேட்டு முதல் மெயில், இது சரியா? அவசரம்

கிராஃப்ட்_ரோல்:
திருப்பூரில் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறோம். எங்களைவிடச் சின்ன யூனிட் ஒன்றை வாங்கலாம் என்று எண்ணம். இன்று மாலைக்குள் ஓனருக்கு மெயில் போக வேண்டும். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"ஐயா, உங்கள் நிறுவனத்தை 1.8 கோடிக்கு வாங்கத் தயாராக இருக்கிறோம். மூன்று வருட ஜிஎஸ்டி ரிட்டர்ன், பார்ட்டி லிஸ்ட், பெட்டி ரேட் அனுப்பவும். இது ரகசியமானது, யாரையும் கட்டுப்படுத்தாது."

வரவுசெலவு:
அது தனி ஆள் பெயரில் இருக்கிறதா, பிரைவேட் லிமிடெட்டா? எந்த மெயில் முகவரி? அவரைப் பழக்கமா?

பழையமில்:
அவசரப்பட்டு விற்காதீர்கள் தம்பி. நான் 2016-ல் விற்றுவிட்டு இன்றுவரை வருந்துகிறேன்.

வரவுசெலவு:
அண்ணா, அவர் வாங்குகிறவர்.

லா_பாயிண்ட்:
கடைசி வரி இருக்கிறதே, போதும். கட்டுப்படுத்தாது என்று போட்டுவிட்டால் எதுவும் கோர்ட்டில் நிற்காது. ரகசியம் என்று எழுதியதால் அவரும் வெளியே சொல்ல முடியாது.

சீனியர்_மெம்பர்:
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒன்று வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவர்கள் கம்பெனி வாங்கி என்ன செய்யப் போகிறார்கள்? இதற்கெல்லாம் மெயிலே தப்பு. நேரில் போய் ஒரு டீ குடித்துவிட்டுப் பேசுங்கள்.

ஒப்பந்தக்காரி:
லா_பாயிண்ட் சொன்னதில் பாதி சரி. கட்டுப்படுத்தாது என்ற வரி அவசியம்தான். ஆனால் மேலே விலை போட்டு "தயாராக இருக்கிறோம்" என்று எழுதிவிட்டுக் கீழே அதை மறுத்தால், பிறகு அந்தக் கடிதத்தை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். தவிர, பேரம் 1.8-ல் இருந்துதான் ஆரம்பிக்கும், கீழே இறங்காது. முதல் மெயிலில் தொகையே வேண்டாம்.

ரகசியம் என்று நீங்கள் ஒருதலையாக எழுதியதால் அவர் கட்டுப்பட மாட்டார். வேண்டுகோளாகக் கேட்கலாம், அவ்வளவுதான். உண்மையான கட்டு, இருவரும் கையெழுத்துப் போடும் என்டிஏ என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தம். கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

பெட்டி ரேட்டை மட்டும் இப்போது கேட்கவே கேட்காதீர்கள். வியாபாரம் முடியாமல் போனால், போட்டியாளர்கள் இருவர் ரேட்டைப் பரிமாறிக்கொண்டதற்கு எழுத்தில் சாட்சி இருக்கும். இந்த அளவு யூனிட்டை வாங்க போட்டி ஆணையத்தின் அனுமதி தேவைப்படாது. அதற்காக 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் விலை விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளாது.

கிராஃப்ட்_ரோல்:
தனி ஆள் பெயர்தான். பெட்டியில் அச்சடித்திருக்கும் sales முகவரிக்கு அனுப்பலாம் என்று இருந்தேன்.

வரவுசெலவு:
போச்சு! அந்த மெயிலை டிஸ்பாட்ச் பையன்தான் திறப்பான். ஓனர் விற்கிறார் என்ற பேச்சு மதியத்துக்குள் பேப்பர் டீலருக்குப் போகும். 45 நாள் கடனில் ரோல் இறக்கியவர் அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்பார். மெஷின் ஓட்டுகிற ஆள் வேறு வேலை தேடுவார். நீங்கள் வாங்குவதற்குள் யூனிட் பாதியாகிவிடும்.

தனி ஆள் தொழில் என்றால் வாங்க ஷேர் கிடையாது. தொழிலை மொத்தமாகவோ மெஷினை மட்டுமோதான் எடுக்க முடியும். அவருடைய ஜிஎஸ்டி எண் உங்களுக்கு வராது. அதனால் "நிறுவனத்தை வாங்க" என்று எழுதாமல் பொதுவாக விடுங்கள்.

சீனியர்_மெம்பர்:
அதனால்தான் டீ என்றேன்.

ஒப்பந்தக்காரி:
போட்டியாளர் கார் வாசலில் நின்றால் தெருவுக்கே தெரியும் சார். மெயிலை அவர் தனியாக, தனக்குத் தோன்றும் நேரத்தில் படிப்பார்.

சீனியர்_மெம்பர்:
நான் முப்பது வருடமாக இந்த ஊரில் தொழில் செய்கிறேன்.

லா_பாயிண்ட்:
அவரும்தான் முப்பது வருடமாக இருப்பார், அதற்கென்ன?

கோன்_வைண்டர்:
நான் ஒரு யூனிட்டை வாங்கினேன். விற்றவர் ஆறே மாதத்தில் அடுத்த தெருவில் மறுபடி ஆரம்பித்து என் பார்ட்டிகளை இழுத்துவிட்டார். இதற்கு வழியே இல்லையா?

ஒப்பந்தக்காரி:
இருக்கிறது. தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்றால், நியாயமான எல்லைக்குள் போட்டி போடக்கூடாது என்று ஒப்பந்தம் செய்ய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே இடம் தருகிறது. வெறும் மெஷின் வாங்கியிருந்தால் அது கஷ்டம். எது நியாயமான எல்லை என்பதில் வக்கீலுக்கு வக்கீல் கருத்து மாறும்.

கேட்டவருக்கு: அவருடைய சொந்த முகவரிக்கு இப்படி அனுப்புங்கள். சப்ஜெக்டில் விற்பனை, வாங்குதல் எதுவும் வேண்டாம், போன் திரையில் தெரியும்.

"ஐயா, நம் இரு தொழில்களும் சேர்ந்து செயல்பட வழி உண்டா என்று தங்களிடம் தனியாகப் பேச விரும்புகிறேன். தொழிலைக் கைமாற்றுவதும் அதில் ஒரு வழியாக இருக்கலாம். இப்போதைக்கு இது பேச்சு மட்டுமே. இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வரும்வரை யாருக்கும் கடமை இல்லை. கணக்கோ ரேட்டோ இப்போது வேண்டாம். விருப்பம் இல்லையென்றால் ஒரு வரி போதும், மறுபடி கேட்க மாட்டேன். இதை நம் இருவருக்குள் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்."

லா_பாயிண்ட்:
"கடமை இல்லை" என்பதில் ரகசியமும் அடிபட்டுப் போகுமே?

ஒப்பந்தக்காரி:
போகும். அதனால்தான் இதில் ரகசியமாக எதையுமே எழுதவில்லை.

கிராஃப்ட்_ரோல்:
நான்கு நாள் ஆயிற்று, மன்னிக்கவும். அப்படியே அனுப்பினேன். "ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள், மகன் ஊரில் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. மகனுக்குத் தெரியக்கூடாது என்கிறாரா, புரியவில்லை.