படம் வரையத் தெரியாமல் ஸ்டோரிபோர்டு போட்ட கதை

குச்சிமனிதன்:
எனக்கு ஓவியம் சுத்தமாக வராது. பத்தாம் வகுப்பில் நான் வரைந்த தவளையைப் பார்த்து "பலாப்பழமாடா?" என்று கேட்டார் சயின்ஸ் வாத்தியார். அப்படிப்பட்டவன் போன வருஷம் முதல் குறும்படத்துக்கு ஸ்டோரிபோர்டு போட்டேன், அதாவது எடுக்கப் போகிற ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்தேன். அதில் நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

காட்சி இதுதான். ராத்திரி பதினொன்றரை மணி. அப்பா ஹாலில் சாய்வு நாற்காலியில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். மகன் செருப்பைக் கையில் பிடித்தபடி சத்தமில்லாமல் உள்ளே வருகிறான். மாட்டிக்கொள்கிறான். இரண்டு வார்த்தை பேச்சு, அப்புறம் அவன் அப்பாவுக்குப் பின்னால் நடந்து சமையலறைக்குப் போய்விடுகிறான். ஒன்றரைப் பக்க ஸ்கிரிப்ட், 11 ஃப்ரேம் வரைந்தேன்.

ஷூட்டிங் அன்று காலையில் கேமராமேன் அண்ணன் நோட்டை வாங்கிப் புரட்டினார். "தம்பி, 11 ஃப்ரேம்லயும் ஒரே ஷாட்தான் இருக்கு" என்றார். உண்மைதான். குச்சி மனிதன் என்றால் தலையிலிருந்து கால் வரை முழுசாக வரைந்தால்தான் மனசு ஆறும். அப்படியே வரைந்து, ஓரத்தில் 'க்ளோஸ்', 'மிட்' என்று எழுதி வைத்திருந்தேன். எது எவ்வளவு க்ளோஸ் என்று பேசித் தீர்ப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அன்று எங்களுக்கு அத்தை வீடு சாயங்காலம் ஆறு மணி வரைதான் கிடைக்கும்.

இன்னொரு தப்பு எடிட்டிங்கில்தான் தெரிந்தது. அப்பா க்ளோசப்பில் வலது பக்கம் பார்க்கிறார். மகன் க்ளோசப்பிலும் அவன் வலது பக்கமே பார்க்கிறான். மகனை எடுக்கும்போது பீரோ இடித்ததால் கேமராவை எதிர்ச் சுவர்ப் பக்கம் தூக்கி வைத்திருக்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், அப்பாவும் பிள்ளையும் யாரோ மூன்றாவது ஆளைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. என் போர்டில் தலை வெறும் வட்டம், வட்டத்துக்கு ஏது முகம்! அதனால் ஸ்பாட்டில் யாரும் கவனிக்கவில்லை.

ஆண்டுவிழா டீச்சர்:
தம்பி, நானும் உங்களை மாதிரிதான், எங்கள் பள்ளி நாடகத்துக்குப் படம் வரைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது சார்ட் பேப்பரில் மேடையை வரைந்து செஸ் காய்களை நகர்த்துகிறேன். ராஜா வேஷம் போடுகிறவனுக்கு ராஜா காய். பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. நீங்களும் அப்படியே செய்யலாமே, வரைவது எதற்கு?

ஃபோகஸ் அண்ணன்:
டீச்சர் சொல்வதில் பாதி வேலை முடிந்துவிடும். நாடகத்தில் பார்க்கிறவர்கள் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், சினிமாவில் கேமரா எங்கே வேண்டுமானாலும் போகும், அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் வரையத் தெரியாதவர் முதலில் செய்ய வேண்டியது உங்கள் சார்ட் பேப்பர் வேலைதான், டீச்சர். அறையை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சதுரம். ஆளுக்கு ஒரு வட்டம், வட்டத்தில் மூக்கு மாதிரி ஒரு முனை. கேமராவுக்கு ஒரு 'V', ஷாட் நம்பரோடு. இதற்கு ஓவியமே வேண்டாம்.

தம்பியின் கேஸில் அப்பா வட்டத்தையும் மகன் வட்டத்தையும் இணைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும். எல்லா 'V'யும் கோட்டுக்கு ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. பீரோ இடிப்பதும் அங்கேயே தெரிந்திருக்கும். நான் 14 வருஷம் கேமரா டிபார்ட்மெண்டில் இருக்கிறேன். அழகான போர்டு கொண்டு வருகிறவர்கள் பலர் இந்தப் பிளான் கொண்டு வருவதில்லை.

செல்போன் இயக்குநர்:
எதற்கு இத்தனை கஷ்டம்? லொகேஷனுக்குப் போய் இரண்டு நண்பர்களை நிற்க வைத்து போனில் போட்டோ எடுங்கள். அதுதான் ஸ்டோரிபோர்டு. நான் மூன்று படம் அப்படித்தான் எடுத்தேன். வரைகிறவர்கள் எல்லாம் பழைய காலத்து ஆட்கள்.

ஃபோகஸ் அண்ணன்:
போட்டோ நல்ல வழிதான், நானும் எடுக்கிறேன். ஆனால் போனின் மெயின் கேமரா ஏறக்குறைய 24-லிருந்து 28 எம்எம் லென்ஸ் மாதிரி, அகலமாகப் பார்க்கும். பத்தடி ரூமில் இரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரை அழகாக அடங்கிவிடுவார்கள். ஷூட்டிங்கில் நீங்கள் 50 எம்எம் போடச் சொல்வீர்கள். ஃபுல்ஃப்ரேம் கேமராவில் 50 எம்எம் போட்டு, ஏழடி உயரம் ஃப்ரேமில் அடங்க வேண்டும் என்றால் 17 அடி பின்னால் போக வேண்டும். சென்சார் அதைவிட ஒன்றரை மடங்கு சின்னது என்றால் 26 அடி. ரூமே பத்தடி. சுவரை உடைப்பதா? போட்டோ எடுக்கும்போதே 2x-இல் வைத்து எடுத்தால் 50-க்குப் பக்கத்தில் வரும். அப்போது உண்மை தெரிந்துவிடும்.

செல்போன் இயக்குநர்:
ஓ, அதனால்தான் என் இரண்டாவது படத்தில் கேமராவை பாத்ரூமுக்குள் வைத்து எடுத்தோம். சரி. ஆனால் லொகேஷன் கிடைத்தவர்களுக்கு போட்டோதான் பெஸ்ட் என்பதில் மாற்றமில்லை.

குச்சிமனிதன்:
லொகேஷன் ஷூட்டிங்குக்கு முந்தின நாள்தானே கையில் வருகிறது! வீட்டுக்காரர் இரண்டு தடவை கதவைத் திறக்க மாட்டார்.

சரி, இரண்டாவது தடவை நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். கணக்கு நோட்டு, கட்டம் போட்டது. குறுக்கே 16 கட்டம், நெடுக்கே 9 கட்டம் எண்ணி பார்டர் போட்டால் 16:9 ஃப்ரேம் தானாக வந்துவிடும். இன்னும் அகலமான ஸ்கோப் ஃப்ரேம் வேண்டும் என்றால் 12-க்கு 5.

தலையின் உயரத்தை மட்டும் கட்டத்தில் எண்ணுவேன். ஆள் முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் தலைக்கு ஒரு கட்டம். நிற்கிற ஆளின் உயரம் சுமார் ஏழரைத் தலை, ஆக மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 9 கட்டத்தில் சரியாக உட்கார்ந்துவிடும். இடுப்பு வரை என்றால் தலைக்கு இரண்டு கட்டம், மீதி உடம்பு ஃப்ரேமுக்குக் கீழே வெட்டுப்படும். க்ளோசப் என்றால் ஐந்தாறு கட்டம், கீழே தோள் மட்டும் கொஞ்சம். குச்சி மனிதனை முழுசாக வரையும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். ஃப்ரேம் எங்கே வெட்டுகிறதோ அங்கே பேனாவை நிறுத்த வேண்டும்.

முகம் ஒரு முட்டை. அதில் கண் மட்டத்தில் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் சின்ன முக்கோணமாக மூக்கு. கண், வாய் கிடையாது. அப்பாவுக்கு வழுக்கைக்கு இரண்டு கோடு, மகனுக்குத் தலை முழுக்கக் கிறுக்கல். அடையாளத்துக்கு அவ்வளவுதான்.

போட்டு முடித்ததும் மூக்கை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவேன். அதே அப்பா-மகன் காட்சியை இந்த முறையில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்பா மூக்கு வலது, மகன் மூக்கு இடது, எட்டாவது ஃப்ரேம் வரை சரி. பத்தாவதில் மகன் அப்பாவுக்கு இடது பக்கம், சமையலறை வாசலில் நின்று திரும்பி வலது பக்கம் பார்க்கிறான். மூக்கு மாறிவிட்டது. அதில் தப்பில்லை, ஆனால் அவன் அப்பாவைக் கடந்து போவதைப் பார்க்கிறவர்களுக்குக் காட்டியாக வேண்டும். ஒன்பதில் நான் சும்மா அப்பாவின் கையை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, அப்பா முன்னால், மகன் பின்னால் மங்கலாகக் கடக்கிற ஒரு ஷாட் போட்டேன். படம் வரையத் தெரிந்திருந்தால் அந்தக் கையை ரசித்து வரைந்து அப்படியே விட்டிருப்பேன்!

ஃபோகஸ் அண்ணன்:
தலைக்கட்டம் கணக்கு நல்லா இருக்கு, நானும் திருடிக்கொள்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா உயரத்துக்கு ஃப்ரேமின் குறுக்கே ஒரு கோடு. கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராக வைத்தால், லென்ஸ் தரையிலிருந்து எத்தனை அடியோ, அத்தனை அடி உயரத்தில் இருக்கிற எல்லாமே அந்தக் கோட்டின் மேல்தான் விழும், கிட்ட இருந்தாலும் தூர இருந்தாலும்.

உங்கள் காட்சியில் அப்பா நாற்காலியில் இருக்கிறார். அவர் கண் மட்டம் மூன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். லென்ஸும் அங்கேயே. கோடு அப்பாவின் கண்ணில் போகும், ஐந்தரை அடி மகனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே போகும். அவன் வாசலில் நின்றாலும், இரண்டடி முன்னால் வந்தாலும் அதே இடம்தான். இது தெரியாமல் வரைகிறவர்கள் பின்னால் நிற்கிற ஆளைச் சின்னதாக்கி அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். எந்த உயரத்தில் கேமரா என்று எங்களுக்கும் புரியாது.

நெல்லை ரசிகை:
அசையும் ஷாட்டை எப்படிக் காட்டுகிறீர்கள்? நான் ஒரே ஃப்ரேமுக்குள் அம்புக்குறியாகப் போட்டு வைத்தேன். நடிகர் நடக்கிறாரா கேமரா நகர்கிறதா என்று அசிஸ்டெண்டுகளுக்குள் சண்டையே வந்தது.

குச்சிமனிதன்:
அக்கா, நான் ஆள் நடப்பதை ஃப்ரேமுக்குள் மெல்லிய அம்பாகவும், கேமரா நகர்வதை பார்டருக்கு வெளியே பட்டையான அம்பாகவும் போடுகிறேன். கேமரா கிட்டே போகிறது என்றால் பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, நாலு மூலையிலிருந்தும் உள்ளே அம்பு. கேமரா நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்புகிற பேன் ஷாட் என்றால் நீளமாக ஒரே படம், அதில் தொடக்கத்துக்கு ஒரு பெட்டி, முடிவுக்கு ஒரு பெட்டி.

செல்போன் இயக்குநர்:
எல்லாம் சரி, இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற சீனுக்கு இதெல்லாம் தேவையா? முழு சீனையும் ஒரு வைடில் எடு, அப்புறம் ஆளுக்கொரு க்ளோஸ். எடிட்டர் பார்த்துக்கொள்வார். போர்டு போட்டால் நடிகர்கள் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஃபோகஸ் அண்ணன்:
நடிகர்களுக்கு போர்டைக் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

நெல்லை ரசிகை:
நான் காட்டுவேன். எங்கள் படத்தில் அப்பாவாக நடித்தவர் குச்சி மனிதனைப் பார்த்துவிட்டு, "இந்த ஷாட்ல என் கை தெரியாதா, அப்போ பீடியை வாயிலயே வச்சுக்கிறேன்" என்று தானே மாற்றிக்கொண்டார்.

ஆண்டுவிழா டீச்சர்:
செஸ் காய்க்கு மூக்கு கிடையாது என்று இப்போதுதான் உறைக்கிறது. குதிரைக்கு மட்டும்தான் இருக்கிறது. இந்த வருஷம் எல்லாக் காயிலும் முகம் இருக்கிற பக்கம் பொட்டு ஒட்டப் போகிறேன்.

குச்சிமனிதன்:
டீச்சர், ஃப்ரேம் போடுவதற்கு முன்னால் நானும் அதைச் செய்து பார்க்கிறேன். அடுத்த மாதம் ஓடுகிற பஸ்ஸுக்குள் ஒரு சீன் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து சீட்டில் இரண்டு பேர். கோட்டை அவர்கள் இரண்டு பேரையும் இணைத்து இழுப்பதா, பஸ் போகிற திசையில் இழுப்பதா? இரண்டு பிளான் வரைந்து பார்த்தேன். ஒன்றில் மூக்கு சரியாக வருகிறது, ஆனால் ஷாட் மாறும்போது ஜன்னலில் மரங்கள் எதிர்ப்பக்கம் ஓடுகின்றன. இன்னொன்றில் மரங்கள் சரி, மூக்கு தப்பு.

ஃபோகஸ் அண்ணன்:
அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்களா, முன்னால் பார்த்தபடியா? முன்னால் பார்த்தபடி என்றால் பஸ் திசைதான், கேமராவை ஒரே பக்க ஜன்னலை விட்டு நகர்த்தாதீர்கள். பார்த்துப் பேசுகிறார்கள் என்றால் நான் மூக்கைக் காப்பாற்றுவேன், மரத்தை விட்டுவிடுவேன். என் குருநாதர் நேர்மாறாகச் சொல்வார். இரண்டு பிளானையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.