வாடகை ரூம்ல லேப்டாப் ஸ்டாண்ட், தனி கீபோர்டு, மவுஸ்: எந்த உயரம் சரி? (மியூனிக்)

புதுவரவு: வணக்கம். ரூமோட வந்த மேசை 74 செ.மீ உயரம், 60 செ.மீ ஆழம். மர நாற்காலி, 45 செ.மீ, ஏத்தி இறக்க முடியாது. 14 இன்ச் லேப்டாப், என் உயரம் 160. சாயங்காலம் ஆனா பின்கழுத்து பிடிச்சுக்குது. எந்த ஸ்டாண்ட் வாங்கலாம்?

வடைமாலை: எந்த ஸ்டாண்டும் ஓகே ப்ரோ. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா வரணும், அவ்வளவுதான். கீபோர்டோட பின்கால் ரெண்டையும் தூக்கி விட்டுடுங்க, கைக்கு சுகமா இருக்கும்.

மேசைக்காரர்: மேல் விளிம்பு விஷயம் சரி. ஆனா அதை கடைசியாத்தான் பார்க்கணும். பின்கால் விஷயம் தப்பு. அதைத் தூக்கினா மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மடக்கியே வைங்க.

முதல்ல முழங்கை. நாற்காலியில உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம்னு அளந்து சொல்லுங்க.

புதுவரவு: 67 செ.மீ.

மேசைக்காரர்: கீபோர்டு கனம் 2 செ.மீ சேர்த்தா விசை 76ல இருக்கு. உங்க முழங்கை 9 செ.மீ கீழ. டைப் பண்ற நேரம் முழுக்க தோளைத் தூக்கியே வெச்சிருப்பீங்க. ஸ்டாண்ட் மட்டும் வாங்கினா ஸ்கிரீன் உயரும், தோள்வலி அப்படியே இருக்கும். நல்ல ஸ்டாண்ட் வாங்கியும் வலி போகலைன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு கோளாறு இங்கதான்.

வாடகை வீட்டு மேசைக் காலை அறுக்க முடியாது, அதனால நீங்கதான் உயரணும். உட்கார்ந்த பிறகும் 8 செ.மீ நிக்கிற கெட்டி மெத்தை போடுங்க. பஞ்சு மெத்தை பாதியா அமுங்கிடும்; அதுக்கு கம்பளியை இறுக்கி மடிச்சுப் போடுறதே மேல். இப்போ பாதம் தரையில எட்டாது, தொடையோட அடிப்பக்கம் விளிம்புல அழுந்தி கால் மரத்துப் போகும். அதே 8 செ.மீக்கு காலடியில பழைய புத்தகமோ, காகிதம் அடைச்ச பார்சல் பெட்டியோ வைங்க.

அப்புறம் மேசைப் பலகையிலிருந்து கண் வரை அளங்க. திறந்த லேப்டாப் மூடியோட உயரத்தை அதுல கழிச்சா, கீல் இருக்க வேண்டிய உயரம் வந்துடும்.

புதுவரவு: மெத்தைக்கு மேல உட்கார்ந்து கண் 48. மூடி 21. அப்போ 27ஆ? நான் பார்த்து வெச்ச மடக்கு ஸ்டாண்ட் 18 வரைக்கும்தான் போகுது அண்ணா.

மேசைக்காரர்: அதையே வாங்குங்க, அடியில 7, 8 செ.மீக்கு கெட்டியான பெட்டி வைங்க. விளிம்பு கண்ணுக்கு ஒண்ணு ரெண்டு செ.மீ கீழ இருந்தா நல்லதுதான். பெட்டி ஸ்டாண்டோட அடியை விட அகலமா இருக்கணும், இல்லாட்டி மூடியைத் தொட்டாலே ஆடும்.

இன்னொண்ணு: லேப்டாப் பின்னால போனதும் எழுத்து சின்னதாத் தெரியும். தன்னையறியாம முகத்தை முன்னால நீட்டுவீங்க, கழுத்து பழையபடி. விண்டோஸ்னா Settings > System > Display > Scale போய் 150% வைங்க. சாஞ்சு உட்கார்ந்தே படிக்க முடியணும், அதுதான் பரீட்சை.

குளிர்நாடோடி: எங்க ரூம்ல மேசையே கிடையாது, கட்டில்லதான் வேலை. இந்த ஸ்டாண்டை மடியில வைக்கலாமா?

மேசைக்காரர்: மடியிலயோ கட்டில் மெத்தையிலயோ ஸ்டாண்ட் ஆடாம நிக்காதுங்க. சமையல் மேடையில நின்னு வேலை செய்யப் பாருங்க, அதே முழங்கைக் கணக்குதான்.

இசார்க்கரை: கீபோர்டு வாங்கறப்ப ரெண்டு விஷயம். நம்பர் பேட் இல்லாததா எடுங்க. முழு நீளக் கீபோர்டுல மவுஸ் வலப்பக்கம் தள்ளிப் போயிடும், கை விரிஞ்சே இருந்து தோள்பட்டை வலிக்கும். அடுத்து, இங்க கடையில கிடைக்கிறது ஜெர்மன் கீபோர்டு, ஒய்யும் இசட்டும் இடம் மாறி அச்சாகி இருக்கும். கணினியில மொழி அமைப்பை மாத்தாம விட்டா பழகின எழுத்தே விழும்; விசையைப் பார்த்து அடிக்கிறவங்களுக்குத்தான் குழப்பம்.

வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தா பேட்டரியைக் குறை சொல்லாதீங்க. டாங்கிள் பக்கத்துலயே யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்தா அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். டாங்கிளை எதிர்ப்பக்கத் துளைக்கு மாத்துங்க.

வடைமாலை: இவ்வளவு பாடுபடறதுக்கு செகண்ட் ஹேண்ட்ல 24 இன்ச் மானிட்டர் வாங்கிடலாமே?

இசார்க்கரை: எழுத்து பெருசாத் தெரியும், உண்மைதான். ஆறு மாசத்துல ரூம் மாறணும்னா அதை யார் தூக்கறது?

வடைமாலை: விக்கறதுக்கு ஆளா இல்ல, ப்ரோ?

மாமா_ஆக்ஸ்பர்க்: எனக்கு ப்ரோக்ரெசிவ் கண்ணாடி. கண்ணுக்கு நேரா ஏத்தினதுல கழுத்துவலி கூடிப்போச்சு தம்பி.

மேசைக்காரர்: கூடத்தான் செய்யும் ஐயா. அந்தக் கண்ணாடியில கிட்டப் பார்வை கீழ்ப்பகுதியில இருக்கு. ஸ்கிரீன் உயர்ந்தா அது வழியாப் பார்க்க தாடையைத் தூக்குவீங்க. தாடை தூக்காம படிக்க வர்ற வரைக்கும், அஞ்சஞ்சு செ.மீயா இறக்கிப் பாருங்க, ஸ்கிரீனையும் கொஞ்சம் மல்லாத்துங்க. அப்பவும் சரிப்படலைன்னா கணினி தூரத்துக்குன்னே தனிக் கண்ணாடி போட்டுத் தருவாங்க, கண்ணாடிக் கடையில கேளுங்க. போறப்ப கண்ணிலிருந்து ஸ்கிரீன் தூரத்தை அளந்து எழுதிட்டுப் போங்க.