கலைச்சொல் தேவை: வேண்டுமென்றே எழுத்தை மாற்றி வைக்கும் வணிகப் பெயர்கள்

தேன்மொழி:
அனைவருக்கும் வணக்கம். Flickr, Lyft, Krispy Kreme போல, தெரிந்த சொல்லின் எழுத்தைக் கெடுத்தோ மாற்றியோ வைக்கும் பெயர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? வணிகவியல் பாடநூல் மொழிபெயர்ப்புக்கு வேண்டும். ‘எழுத்துப்பிழைப் பெயர்’ என்று எழுதினால், தெரியாமல் நேர்ந்த பிழை என்றாகிவிடுகிறது.

கதிரேசன்:
கடைப் பலகைகளில் வல்லினம் மிகுமிடம் தெரியாமல் எழுதுகிறார்களே, அதுதானே? ‘சந்திப்பிழை’ என்ற சொல்லே போதும்.

தேன்மொழி:
இல்லை ஐயா, அது அறியாமல் வருவது. இது காசு கொடுத்துச் செய்வது.

அருள்:
‘திரிபெயர்’ எனலாம். ஆனால் இதற்குத் தனிச்சொல் தேவையா? தேடுபொறிதான் எழுத்தைத் தானாகத் திருத்திவிடுகிறதே. எப்படி எழுதினாலும் ஆள் வந்து சேர்ந்துவிடுவார்.

மங்கையர்க்கரசி:
அருள் சொல்வது பெரிய நிறுவனங்களுக்குச் சரி. லட்சக்கணக்கானோர் தேடிய பெயரைத்தான் தேடுபொறி அறியும். புதிய பெயருக்கு அதே திருத்தம் எதிராக வேலை செய்யும்: சரியாகத் தட்டினாலும் அகராதிச் சொல்லுக்கு மாற்றிவிடும். முகவரிப் பட்டையிலும் மின்னஞ்சலிலும் திருத்தமே கிடையாது. Flickr 2004இல் தொடங்கியபோது flicker.com வேறொருவரிடம் இருந்தது. பெயரைக் காதால் கேட்டு e சேர்த்துத் தட்டியவர் நேரே அங்கேதான் போனார்.

எல்லா மாற்றமும் ஒரே அளவு கெடுதி செய்வதில்லை. ஒலியை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறை முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். பிற உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மெய்களை எண்ணாக்கும்.

```
Flicker  F426
Flickr   F426
Crispy   C621
Krispy   K621
```

நடுவில் உயிரெழுத்து போனால் குறியீடு மாறவில்லை. முதலெழுத்து மாறினால் இரண்டும் சேரவே சேரா. இன்றைய தேடுபொறிகள் இதைவிட நுட்பமானவை. வாடிக்கையாளர் பட்டியல் தேடும் பழைய மென்பொருள்களில் இந்தத் தொல்லை இன்னும் உண்டு. அகரவரிசைப் பட்டியலிலும் C வரிசையில் தேடுபவர் K வரிசையை எட்டிப் பார்க்கமாட்டார்.

பாலமுருகன்:
நான் காப்பிக்கடை திறக்கப் போகிறேன். Kaappii$ என்று வைக்கலாமா? பலகையில் எடுப்பாகத் தெரிகிறது.

மங்கையர்க்கரசி:
தம்பி, இதில் மூன்று இடறல் உண்டு. $ இணையதள முகவரியில் வராது. எழுத்து, எண், இணைப்புக்கோடு மட்டுமே அங்கே செல்லும். படிப்பவர் அதை ‘ஸ்’ என்பாரா ‘டாலர்’ என்பாரா என்பது உறுதியில்லை. a இரண்டு, p இரண்டு, i இரண்டு என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டிவரும்.

பலகை அடிக்குமுன் இதைச் செய்து பாருங்கள். பெயரைப் பார்க்காத பத்துப் பேருக்குத் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டு, ஆங்கிலத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். வந்த வடிவங்கள் ஒவ்வொன்றையும் உங்கள் கணக்கில் நுழையாமல் தேடுபொறியில் தேடிப் பாருங்கள். பத்துக்கு நான்கு வடிவத்துக்கு மேல் வந்தால் நான் அந்தப் பெயரைக் கைவிடுவேன். இரண்டு மூன்று என்றால் அந்த முகவரிகளையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

தேன்மொழி:
தமிழில் எழுதும்போது இன்னொன்றும் நடக்கிறது. வாடகை வண்டி நிறுவனமான Lyft, மின்தூக்கியான lift இரண்டும் ‘லிஃப்ட்’ ஆகிவிடுகின்றன. தமிழ்க் குரல்தேடலில் வாடகை வண்டி கேட்டாலும் மின்தூக்கி கேட்டாலும் சொல் ஒன்றுதான். சொன்னவர் நினைவில் பெயர் சரியாகவே இருக்கிறது. எழுத்தில்தான் அடையாளம் தொலைகிறது.

மங்கையர்க்கரசி:
நல்ல எடுத்துக்காட்டு. பெயருக்கு வருகிறேன். நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் சொல்கிறது. அது புணர்ச்சிக்கு உரியது என்றாலும் இங்கே அழகாகப் பொருந்துகிறது: எழுத்து இரட்டித்தால் தோன்றல், C போய் K வந்தால் திரிதல், e விழுந்தால் கெடுதல். ஆகவே ‘விகாரப் பெயர்’.

அருள்:
இன்றைய வழக்கில் விகாரம் என்றால் அருவருப்பு, அம்மா. எந்த முதலாளி ஏற்பார்? பிழையென்று தெரிந்தும் காரணத்தோடு ஏற்பது வழுவமைதி. ‘எழுத்து வழுவமைதி’ எப்படி?

மங்கையர்க்கரசி:
வழுவமைதி திணை, பால், இடம், காலம் முதலியவற்றுக்குச் சொன்னது. எழுத்துக்கு நீட்டினால் மாணவர் குழம்புவார். அதைவிட, பழகியதால் ஏற்கப்பட்டால்தான் அமைதி. ஸ்டாண்டர்ட் லைஃப் அபர்டீன் நிறுவனம் 2021இல் abrdn ஆனது. 2025இல் உயிரெழுத்துகளைத் திரும்பச் சேர்த்து aberdeen என்று மாறிக்கொண்டது. அந்த வழு அமையவே இல்லையே. ‘திரித்தெழுத்துப் பெயர்’ என்றால் செய்தவர் ஒருவர் உண்டு என்பது ‘திரித்து’ என்பதிலேயே வந்துவிடும்.

தேன்மொழி:
இப்போதைக்கு வரைவில் ‘திரித்தெழுத்துப் பெயர்’ என்றே இடுகிறேன். $, ! போன்றவை எழுத்தே இல்லையே, அவற்றையும் இதில் அடக்கலாமா?

கதிரேசன்:
கூடாது. அதற்குக் ‘குறியேற்றப் பெயர்’ என்று தனியே வையுங்கள்.

அருள்:
இரண்டு சொல் வேண்டாம் ஐயா. S இருந்த இடத்தில் $ வந்தால் அதுவும் திரிதல்தான்.

கதிரேசன்:
Yahoo! என்பதில் வியப்புக்குறி எந்த எழுத்தின் இடத்தில் வந்தது?