முதல் வரியோடு நின்றுபோன ரத்தக் கோரிக்கை

தல்லாகுளம்வாசி:
போன மாதம் எங்கள் ஏரியா இன்ஸ்டா பக்கத்தில் ஒரு பதிவு. கைகூப்பிய படம், கீழே “அன்பு நண்பர்களே, மிக மிக அவசரம், தயவுசெய்து பகிருங்கள்…”, அதோடு more. பி நெகட்டிவ், எந்த வார்டு, போன் எண் எல்லாம் உள்ளே. டீக்கடையில் பக்கத்தில் நின்ற அண்ணன் அதை ஸ்டோரியில் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன குரூப்ண்ணே?” என்றேன். more-ஐத் தொட்டார். “நம்ம குரூப்புதாண்டா” என்று அப்படியே நின்றுவிட்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

கைத்தறி அக்கா:
125 எழுத்து வரைக்கும் தெரியுமே தம்பி. என் சேலைப் பதிவுகளில் அதை எண்ணித்தான் எழுதுகிறேன். அவர்கள் நீளமாக எழுதியிருப்பார்கள்.

போஸ்டர் டிசைனர்:
அக்கா, அந்த 125 தோராயக் கணக்குதான். போன் திரையில் எத்தனை வரி கொள்கிறது என்பதுதான் விஷயம். தமிழ் எழுத்து அகலம், அதனால் சீக்கிரமே வரி நிறைந்துவிடும். பக்கத்தின் பெயரும் அதே வரியில் முன்னால் வருகிறது. பெயர் நீளமென்றால் நம் இடம் அதில் போய்விடும். என் அப்பா போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார், அவருக்கு இன்னும் குறைவு. ரீல்ஸ் என்றால் ஒரு வரி கிடைத்தாலே அதிகம். வணக்கம் சொல்லி என்டர் தட்டினால் அந்த வரி அங்கேயே முடிந்தது.

நான் இப்படி எழுதிக் கொடுப்பேன்:

“பி நெகட்டிவ் ரத்தம், மதுரை, மே 14 மாலைக்குள்”

“இன்று” என்று எழுதவே கூடாது. பதிவு சுற்றிச் சுற்றி வரும், எந்த ‘இன்று’ என்று யாருக்கும் தெரியாது. ஆள் கிடைத்ததும் பதிவைத் திருத்தி “தேவை முடிந்தது” என்று அதே முதல் வரியின் தொடக்கத்தில் போடுங்கள். கடைசியில் போட்டால் பழையபடி மறைந்துவிடும். ஸ்டோரியில் பகிர்ந்தால் படம்தான் பெரிதாகத் தெரியும். அதனால் குரூப், ஊர், தேதி மூன்றும் படத்திலும் இருக்க வேண்டும். கைகூப்பிய படம் யாருக்கும் எதையும் சொல்லாது.

லேப் டெக்னீஷியன்:
பி நெகட்டிவ் நோயாளிக்கு ஓ நெகட்டிவ் சிவப்பணுவும் ஏற்றலாம். அதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். கொடுப்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும், ஆண்களுக்கு முந்தைய தானத்திலிருந்து 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120. இது தெரியாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும்போது மனசு கஷ்டப்படுகிறது.

தல்லாகுளம்வாசி:
இதையெல்லாம் சேர்த்தால் ஊரும் தேதியும் உள்ளே போய்விடும் சார். இரண்டாவது பத்தியில் வைக்கலாம்.

கைத்தறி அக்கா:
சரி, என் போனில் பார்த்தேன். என் கடைப் பெயரே பாதி வரியை எடுத்துக்கொள்கிறது. போன் எண்ணையாவது முதல் வரியில் போட வேண்டாமா?

போஸ்டர் டிசைனர்:
எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. குரூப் பொருந்துகிறவர் எப்படியும் திறப்பார்.

லேப் டெக்னீஷியன்:
அவசரத்தில் திறக்கக்கூட நேரமில்லாதவர்கள் உண்டு. நான் எண்ணைத்தான் முன்னால் வைப்பேன்.