ஓட்டையைக் குத்தினால் ஜைரோ ட்ரிஃப்ட் போகுமா?

நடுநிசி_ஸ்னைப்பர்: கன்ட்ரோலரைத் திருப்பினா குறியும் திரும்பற ஜைரோ வெச்சு எய்ம் பண்றேன். ஆட ஆரம்பிச்சு இருபது நிமிஷத்துல குறி தானா வலப்பக்கம் நகருது. கேலிபரேட் பண்ணியாச்சு, திரும்ப வருது. முழு ரீசெட் அடிக்கணுமா?

பழையகட்டை: கன்ட்ரோலர் பின்னாடி சின்ன ரீசெட் ஓட்டை இருக்கும். ஊசியை விட்டு 5 நொடி அழுத்துங்க, ட்ரிஃப்ட் போயிடும். எனக்கு மூணு தடவை போயிருக்கு. கேலிபரேஷன் எல்லாம் சும்மா கண்துடைப்பு.

சுழிமானி: மூணு தடவை போச்சுன்னா மூணு தடவை திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம். அதைக் கவனிச்சீங்களா அண்ணே?

அந்த ஓட்டை அழிக்கிறது ப்ளூடூத் இணைப்பைத்தான். சென்சாரோட ஃபேக்டரி திருத்தம் அதனால மாறாது. ரீசெட் அடிச்சதும் கேபிளைச் செருகி மேசைல வெச்சிருப்பீங்க. ஆடாம கிடக்கிற கன்ட்ரோலரைப் பார்த்ததும் பல மென்பொருள் தானாவே புது சுழியம் எடுத்துக்கும். குணமாக்கினது மேசை, பேர் வாங்கினது ஊசி.

ஸ்னைப்பர் தம்பி, ரெண்டு கேள்வி. கேலிபரேட் பண்ணப்போ கன்ட்ரோலர் எங்க இருந்துச்சு? ஆன் பண்ணி எவ்வளவு நேரம் கழிச்சுப் பண்ணீங்க?

நடுநிசி_ஸ்னைப்பர்: மடியில. ஆன் பண்ணின உடனே.

கட்டைவிரல்: எனக்கும் இதே பிரச்சினை! இடது ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் நடந்து போறான். ஸ்டிக் அடில காத்து அடிச்சுப் பாருங்க.

சுழிமானி: அது ஸ்டிக் ட்ரிஃப்ட். இங்க பேசறது ஜைரோ. ஜைரோவை அமைப்புல அணைச்சுப் பாருங்க, அப்பவும் நகர்ந்தா ஸ்டிக். ஒவ்வொரு இழையிலயும் வந்து காத்தடிக்கச் சொல்றீங்களே, ஓய்வே கிடையாதா?

பழையகட்டை: 5 நொடி அழுத்தினதும் சரியாச்சு. அதைத்தான் சொல்றேன். பார்த்த கண்ணை நம்பக் கூடாதா?

சுழிமானி: கண் பார்த்தது விளைவை. காரணத்தைப் பார்க்கலையே.

தம்பி, மடி ஆகாது. மூச்சு விட்டாலே தொடை அசையும். கேலிபரேஷன் சில நொடி அளவுகளோட சராசரியை 'இதுதான் ஓய்வு நிலை'ன்னு பதிஞ்சு வெச்சுக்கும். அந்த நேரத்துல நீங்க லேசா இடம் மாறினாலும் அந்த அசைவு ஓய்வு நிலைக்குள்ள கலந்துடும். ஆனா அது முதல் நொடியிலிருந்தே தெரியணும். இருபது நிமிஷம் காத்திருந்து வர்றதுன்னா சூடு. பேட்டரி, சர்க்யூட், உங்க உள்ளங்கை எல்லாம் சேர்ந்து சில்லைச் சூடாக்கும். சூடு ஏற ஏற அதோட சுழியமும் நகரும். குளிர்ந்த கன்ட்ரோலர்ல எடுத்த சுழியம் சூடான கன்ட்ரோலருக்குப் பொருந்தாது.

இன்னைக்கு இருபது நிமிஷம் ஆடுங்க. அப்புறம் மேசைல வெச்சு, கையை எடுத்துட்டு, 40 நொடி விட்டு, திரை எவ்வளவு திரும்புதுன்னு பாருங்க.

வெண்ணிலா77: மேசை மட்டமா இருக்கணுமே? ஸ்பிரிட் லெவல் வெச்சுப் பார்த்துதான் நான் பண்ணுவேன்.

சுழிமானி: ஜைரோவுக்கு மட்டம் வேண்டாம்மா, அசையாம இருந்தாப் போதும். மட்டம் வேணும்னா சாய்வைப் பார்க்கிற முடுக்கமானிக்கு. சாஞ்ச புத்தகத்து மேல வெச்சாலும் சரி. ஆனா பக்கத்துல ஸ்பீக்கர் அதிரக் கூடாது.

வெண்ணிலா77: கன்சோல் திரையிலயே 'சமதளத்துல வைக்கவும்'னு வருதே. செஞ்சவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

சுழிமானி: ரெண்டு சென்சாரையும் ஒரே திரையில திருத்தறாங்க, அதனால சொல்றாங்க. கேட்டது எய்ம் ட்ரிஃப்ட்.

பழையகட்டை: மட்டமோ சாய்வோ, 5 நொடி. அவ்வளவுதான்.

நடுநிசி_ஸ்னைப்பர்: பார்த்தாச்சு. 40 நொடில கிட்டத்தட்ட கால் வட்டம், வலப்பக்கம். சென்சிடிவிட்டி 3.

சுழிமானி: கால் வட்டம் 90 டிகிரி. நொடிக்கு 2.25. சென்சிடிவிட்டி 3-ன்னா கை திரும்பறதைவிட திரை மூணு மடங்கு திரும்பும், அதால வகுத்தா சென்சார் தப்பா காட்டறது நொடிக்கு 0.75 டிகிரி. சில்லு செத்துப்போகல, சுழியம் தள்ளியிருக்கு. இதுக்கு முழு ரீசெட் தேவையே இல்ல. பிசில ஜாய்ஷாக்மேப்பர் மென்பொருள் வெச்சிருந்தா, கன்ட்ரோலர் சூடா இருக்கும்போதே கீழ வெச்சு முதல் வரி, 5 நொடி கழிச்சு ரெண்டாவது:

```
RESTART_GYRO_CALIBRATION
FINISH_GYRO_CALIBRATION
```

சோம்பல்பட்டு `AUTO_CALIBRATE_GYRO = ON` போட்டுட்டு உட்காராதீங்க. தூரத்துல மெதுவா நடக்கிறவனை ஒரே வேகத்துல பின்தொடர்ந்தா, அதையே மென்பொருள் ஓய்வுன்னு நினைச்சுக்க வாய்ப்பிருக்கு. குறியை நிறுத்தினதும் எதிர்ப்பக்கம் ஓடும்.

கட்டைவிரல்: டெட்ஸோன் கூட்டினா எல்லாம் அடங்கிடும். இதுக்கு இவ்வளவு பெரிய பாடமா?

சுழிமானி: அடங்கும். நொடிக்கு 0.75 டிகிரியை மறைக்கிற டெட்ஸோன், நீங்க ஸ்கோப்ல அதே வேகத்துல கையைத் திருப்பினாலும் மறைச்சிடும். ட்ரிஃப்ட்டோட சேர்த்து எய்மையும் அடக்கிட்டீங்க.

நடுநிசி_ஸ்னைப்பர்: நேத்து சூடா இருக்கும்போது பண்ணினேன், ஒரு மணி நேரம் அசையவே இல்ல. இன்னைக்கு ஆன் பண்ணினதும் இடப்பக்கம் போகுது!

பழையகட்டை: ஹாஹா! திரும்ப வந்துடுச்சா? அண்ணன் சொன்ன வைத்தியம் ஒரு நாள்கூடத் தாங்கல. ஊசியை எடு தம்பி.

சுழிமானி: திசை மாறியிருக்கிறதைக் கவனிங்க. குளிர்ல எடுத்த சுழியத்துக்குச் சூட்டுல வலப்பக்கம் போச்சு. சூட்டுல எடுத்ததுக்குக் குளிர்ல இடப்பக்கம் போகுது. சூடுதான் காரணம்னு இதைவிட வேற என்ன சாட்சி வேணும்? எதுவும் பண்ணாம இருபது நிமிஷம் ஆடுங்க, தானா நிக்கும்.

பழையகட்டை: அப்போ ரீசெட்டே எதுக்கும் வேண்டாமா? கம்பெனிக்காரன் அழகுக்கா ஓட்டை போட்டான்?

சுழிமானி: வேணும். கன்ட்ரோலர் இணையவே மாட்டேங்குதா, அப்ப ஓட்டை. குலுக்கினாலும் ஜைரோ எண் ஒரே இடத்துல உறைஞ்சு நிக்குதா, அப்பவும் ஒரு தடவை குத்திப் பாருங்க. தப்பா பதிவான பழைய கேலிபரேஷனை மென்பொருள் ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏத்துதா, அதுக்குக் கன்ட்ரோலரைக் குத்திப் பிரயோஜனமில்ல, மென்பொருள்ல சேமிச்சதை அழிக்கணும். மேசைல கிடக்கும்போதே எண் திடீர் திடீர்னு துள்ளினா, முக்கியமா கீழ விழுந்ததுக்கு அப்புறம்னா, எந்த ரீசெட்டும் காப்பாத்தாது. சென்சார் போச்சு.

பழையகட்டை: ஆக, ஓட்டை வேணும்னு ஒத்துக்கிட்டீங்க.

சுழிமானி: ட்ரிஃப்ட்டுக்குன்னு எங்க சொன்னேன்? மேல போய்ப் படிங்க. போன வருஷம் பேட்டரி இழையிலயும் இதே வேலைதான் பண்ணீங்க. பாதி வரியைப் பிடிச்சுக்கிட்டு ஜெயிச்சதாக் கிளம்பினீங்க.

பழையகட்டை: அந்த பேட்டரி விஷயத்துல நான் சொன்னதுதான் சரி. அதையும் இங்கயே பேசிடலாமா?

வெண்ணிலா77: மட்டம் பத்தி இன்னும் யாரும் ஒழுங்கா பதில் சொல்லல.

நடுநிசி_ஸ்னைப்பர்: இருபது நிமிஷம் ஆச்சு. நின்ன மாதிரிதான் இருக்கு... ஆனா இப்ப மேல கொஞ்சம் போகுதோன்னு தோணுது.

பழையகட்டை: 5 நொடி தம்பி. 5 நொடி.