பராமரிப்புத் தொகைக்கு ரசீது கேட்ட நாள்: உங்கள் அனுபவம் என்ன?

மூன்றாம்மாடி (வேளச்சேரி)

மாத வாடகை 18,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பிவிடுகிறேன். பராமரிப்புத் தொகையான 2,500 ரூபாயை மட்டும், சங்கத்தில் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லி, வீட்டு உரிமையாளர் கையில் வாங்கிக்கொள்வார். சென்ற ஜூன் முதல் இப்படித்தான் நடந்தது. மே மாதத் தொடக்கத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்திலுள்ள அறிவிப்புப் பலகையில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை 10,000 ரூபாய் நிலுவை என்று எங்கள் வீட்டு எண்ணை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஏப்ரல் வரை 11 மாதங்களுக்கு 27,500 ரூபாயை என் கையால் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மே மாதத் தொகையைக் கொடுத்தபோது, முதன்முறையாக ரசீது கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களை மகள் போலத்தானே நினைத்திருக்கிறோம், திடீரென்று ரசீது எதற்கம்மா?" என்றார். நான் நின்றுகொண்டே இருந்ததால், நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்புறம் "ரூ. 2,500 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். எந்த மாதத்திற்கு, எதற்காக என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அதைப் பார்த்த பிறகும், கேட்கத் துணிவில்லாமல் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

கோவைக்காரி

எனக்கும் ரசீதால் சிக்கல் வந்தது. வாடகை 15,000, பராமரிப்பு 2,000 ஆகிய இரண்டையும் சேர்த்து 17,000 என்று ஒரே ரசீதாக உரிமையாளர் எழுதிக் கொடுத்தார். வீட்டு வாடகைப் படிக்கான வரி விலக்குக்காக அதை அலுவலகத்தில் கொடுத்தேன். கணக்குப் பிரிவில் இருந்தவர், வாடகைப் பகுதியை மட்டும்தான் கணக்கில் எடுக்க முடியும், பிரித்து எழுதி வாங்கி வாருங்கள் என்று எல்லார் முன்னிலையிலும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனவே இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணும் தேவைப்படும், அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

மடிப்பாக்கம்வீடு

நான் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன். எல்லா உரிமையாளர்களும் ஏமாற்றுவதற்காகத் தயங்குவதில்லை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் குடியிருந்தவர் ஒருவர் அவசரம் என்று கேட்டதால், தொகை எழுதாத இரண்டு ரசீதுகளில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். வீட்டைக் காலி செய்யும் நாளில், நான் வாங்கியே இராத தொகைகளை நிரப்பி, அந்த இரண்டையும் மேசைமேல் வைத்தார். அன்று என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

பராமரிப்புத் தொகை எங்களுக்கு வருமானம் அன்று, வாங்கிச் சங்கத்தில் கட்டுகிறோம், அவ்வளவுதான். ஆகவே ரசீது கொடுக்க வேண்டியது சங்கமே. மேலும் வருவாய் முத்திரைத்தலை ஒட்டாத எந்த ரசீதும் செல்லாது என்பதால், அந்த நாள்காட்டித் தாளால் உங்களுக்குப் பயன் ஏதும் இல்லை.

பழையபொருளாளர்

ஓர் அடுக்கக நலச் சங்கத்தில் ஒன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். மடிப்பாக்கம் நண்பரின் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்னவற்றில் இரண்டை ஏற்க முடியாது. ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத்தலை 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குத்தான் தேவை, 2,500 ரூபாய்க்குத் தேவையில்லை. சங்கம் ரசீது போடுவது உண்மைதான், ஆனால் அது வீட்டு உரிமையாளர் பெயரில், அவர் கட்டியதற்காகப் போடப்படுவது. குடியிருப்பவர் உரிமையாளரிடம் கொடுத்ததை அது காட்டாது. கைமாறிய இடம் இரண்டு என்பதால் ரசீதும் இரண்டு இருக்க வேண்டும்.

சகோதரி, உங்கள் தாளில் குறை முத்திரைத்தலை அன்று, மாதம் எழுதப்படாததுதான். ஒருவர் மற்றொருவருக்குப் பல கணக்குகளில் தர வேண்டியிருக்கும்போது, எதற்காகத் தருகிறேன் என்று சொல்லித் தந்தால் அதற்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் தந்தால், வாங்கியவர் தாம் விரும்பும் நிலுவைக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 59, 60 ஆகிய பிரிவுகளில் இதைச் சொல்கிறது. நீங்கள் மே மாதத்திற்குக் கொடுத்ததை, "அது ஜனவரி பாக்கி" என்று அவர் சொன்னால், அந்தத் தாள் அவர் பக்கமும் பேசும். மின் கட்டணத்திற்கு என்று சொன்னாலும் அப்படியே. பணம் கொடுத்தேன் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், இது சிறிய விஷயம் அன்று. காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வதற்கு இந்த நிலுவையைத்தான் காரணமாகக் காட்டுவார்கள்.

முதலில், உங்கள் வீட்டுக்கான கணக்கேட்டுப் பக்கத்தைச் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். எந்தெந்த மாதத்தில் எந்தத் தேதியில் தொகை வந்தது என்பது அதில் இருக்கும். பிறகு, நீங்கள் கொடுத்த தேதி, மாதம், தொகை ஆகியவற்றை வரிசையாக எழுதி, இரண்டு படிகளில் ஒன்றில் அவரது கையொப்பத்தைக் கேளுங்கள். மறுத்தால் அதையே ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, வாடகைக்கு மட்டுமல்லாமல் பிற கட்டணங்களுக்கும் கையொப்பமிட்ட ரசீது பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருந்தால் அங்கே முறையிடுவது எளிது. பதிவாகியிருக்கிறதா?

மடிப்பாக்கம்வீடு

முத்திரைத்தலை பற்றி நான் தவறாக எண்ணியிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் அடியிலேயே அஞ்சலில் கடிதம் அனுப்பினால் உறவு முறிந்துவிடும். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். நேரில் போய்ப் பேசுவதுதான் முறை.

பழையபொருளாளர்

நேரில் பேசிவிட்டுத்தான் அவர் அந்தத் தாளோடு திரும்பியிருக்கிறார், ஐயா.

மூன்றாம்மாடி (வேளச்சேரி)

செயலாளர் அம்மா கணக்கேட்டைக் காட்டினார். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதங்களும் வரவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றும் நான் கொடுத்த தேதிக்கு அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ கட்டப்பட்டிருக்கிறது. ஆக 17,500 ரூபாய்க்குத் துணை கிடைத்துவிட்டது. மீதியுள்ள நான்கு மாதங்களுக்கு, ஏடிஎம்மில் பணம் எடுத்த தேதிகள் மட்டுமே என்னிடம் இருக்கின்றன. மார்ச் மாதத்தில் மட்டும், "மெயின்டனன்ஸ் 2,500 மாமியிடம் கொடுத்துவிட்டேன்" என்று உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும், அதற்கு அவர் "சரிம்மா" என்று பதில் எழுதியதும் அப்படியே இருக்கின்றன.

எங்கள் ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை. முன்பணம் 54,000 ரூபாய் அவரிடம் இருக்கிறது. மாதவாரிப் பட்டியலை நேற்றுக் காலை அனுப்பினேன், படித்துவிட்டார், பதில் இல்லை. ஜூன் மாதத் தொகையை "ஜூன் மாதப் பராமரிப்பு" என்ற குறிப்புடன் வங்கியில் அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல் ஆகிய மூன்று மாதங்களுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கோவைக்காரி

மாமியிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அக்கா. எங்கள் வீட்டில் அந்த அம்மாதான் எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.