டியூட்டியும் சேர்த்து விலை வாங்கியாச்சு, அப்புறமும் வாங்குபவரிடம் வரி கேட்கிறார்கள். ஏன்?

நூல்பந்து: பிரான்சில் ஒரு வாடிக்கையாளர். பொருள் 200 யூரோ, கூரியர் 40. இந்தப் பொருளுக்கு டியூட்டி 10%, வாட் 20%. எல்லாம் சேர்த்து 320 வாங்கிக்கொண்டு, "வாசலில் எதுவும் கட்ட வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். வரி என் பொறுப்பு என்று இன்வாய்சிலும் `DDP` போட்டேன். இப்போது கூரியர் அவரிடம் வரி கேட்கிறது, அவர் பார்சலை வாங்க மறுக்கிறார்.

கடல்வழி: இன்வாய்சில் `DDP` இருந்தாலே போதுமே. கூரியர் மேல் புகார் கொடுங்க.

சரக்குமேசை: போதாது. இன்வாய்சில் இருப்பது உங்களுக்கும் வாங்குபவருக்கும் உள்ள பேச்சு. கூரியர் பார்ப்பது புக்கிங்கில் `Bill duties and taxes to` என்ற கட்டத்தை. மாற்றாமல் விட்டால் அது பெரும்பாலும் `Receiver` என்றே இருக்கும். `Sender` ஆக்கி உங்கள் அக்கவுண்ட் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். டெலிவரி ஆகாததால் இன்னும் வழி இருக்கலாம்: ஏர்வே பில் எண்ணோடு, வரியை உங்கள் கணக்கில் போடச் சொல்லி இன்றே எழுதுங்கள். பார்சல் திரும்பினால் திரும்பும் கூலியும் உங்கள் தலையில்தான் விழும். இன்வாய்சில் தொகையை எப்படிப் போட்டீர்கள்?

நூல்பந்து: ஒரே வரியில் 320.

சரக்குமேசை: அங்கேயும் பணம் ஒழுகுகிறது. அந்த 320-க்கே கஸ்டம்ஸ் கணக்குப் போட்டால் டியூட்டி 32; 352-க்கு வாட் 70.40. மொத்தம் 102.40. பொருள் 200, கூரியர் 40 என்று பிரித்து, பிரான்சில் கட்டும் டியூட்டியையும் வாட்டையும் தனி வரிகளில் காட்டியிருந்தால் மதிப்பு 240 மட்டுமே. டியூட்டி 24, வாட் 52.80, ஆக 76.80. பிரித்துக் காட்டாவிட்டால் வரிக்கே வரி கட்டுவீர்கள். சரியாகப் போட்டிருந்தாலும் கையில் மிஞ்சுவது 3.20 யூரோ. உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு கூரியர் எடுக்கும் கட்டணத்துக்கே அது பத்தாது.

தபால்பை: நான் தபாலில் அனுப்புகிறேன். அந்தக் கட்டமே எங்கும் காணோமே?

சரக்குமேசை: தபாலில் அனுப்புபவர் வரி கட்டும் வசதி எல்லா நாட்டுக்கும் கிடையாது. இல்லாத இடத்துக்கு "வரி சேர்த்து" என்று விற்காதீர்கள்.

நூல்பந்து: கூரியருக்கு எழுதிவிட்டேன். இன்னொன்று, இவர் கடைக்காரர். வாட்டைத் திரும்பப் பெற ஆவணம் கேட்கிறார்.

சரக்குமேசை: அப்படியானால் இவருக்கு டிடிபி பெரிய சலுகையே இல்லை. வாங்குபவரே வரியைப் பார்த்துக்கொள்ளும் டிஏபி-யில் அனுப்பியிருந்தால், வாட்டை அவரே தன் வாட் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்வார். இப்போது வாட் போவது உங்கள் பணத்திலிருந்து; இறக்குமதியாளராகப் பதிவானது யார் என்பது வேறு கேள்வி. கஸ்டம்ஸ் படிவத்தின் நகலைக் கூரியரிடம் வாங்கி அவருடைய கணக்காளரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கடல்வழி: கடைக்காரருக்கும் டிடிபி-தான் பிடிக்கும், தலைவலி இல்லை பாருங்க.

சரக்குமேசை: வாட் திரும்பக் கிடைக்காமல் போகலாம் என்று தெரியும்வரை பிடிக்கும். ஆர்டர் எடுக்கும்போதே வாட் எண் உண்டா என்று கேளுங்கள்.

நூல்பந்து: கூரியரின் பதில் வந்தது: "பரிசீலனையில் உள்ளது."